காந்தத்துக்கு டம்ளரைப் பிடிக்காது

ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு நடத்தும் பாடங்களிலேயே சுலபமானது எதுவென்று கேட்டால் பல டீச்சர்கள் காந்தப் பாடத்தைத்தான் சொல்வார்கள். ஒரு தட்டில் பத்து சாமான், கையில் ஒரு காந்தம், ஒட்டுவது இந்தப் பக்கம், ஒட்டாதது அந்தப் பக்கம். பத்தே நிமிஷம். பிள்ளைகளும் சத்தம் போடாமல் செய்வார்கள் (சரி, கொஞ்சம் சத்தம் இருக்கும்). கரும்பலகையில் இரண்டு பட்டியல் எழுதிப் போட்டால் பாடம் முடிந்தது.

ஆனால் அந்தத் தட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது என்பதைத் தீர்மானிப்பது காந்தம் இல்லை, தட்டு!

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், நாச்சியார்கோயில் போகிற வழியில் ஒரு தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பில் 24 பிள்ளைகள். டீச்சருக்கு வேலையில் இது மூன்றாவது வருஷம். போன வருஷமும் இதே பாடத்தை நடத்தியவர்தான். அப்போது தட்டில் இருந்தவை ஆணி, ஜெம் கிளிப், ஹேர்பின், சோடா பாட்டில் மூடி. அந்தப் பக்கம் ரப்பர், பேப்பர், ஐஸ் குச்சி, கோலிகுண்டு. எல்லாப் பிள்ளைகளும் சரியாகப் பிரித்தார்கள். ஒரு தப்பு கூட இல்லை. டீச்சருக்கு ரொம்ப சந்தோஷம்.

மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, சும்மா விளையாட்டாக, மேஜை மேல் இருந்த பித்தளை மணியைத் தூக்கிக் காட்டி "இது ஒட்டுமா?" என்று கேட்டார். மொத்த வகுப்பும் ஒரே குரலில் "ஒட்டும்!" என்றது. ஏன் என்று கேட்டதற்கு முதல் வரிசையில் இருந்த பெண் சொன்ன பதில்: "பளபளன்னு இருக்குல்ல டீச்சர்."

யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. தட்டில் ஒட்டிய நான்கும் பளபளப்பாக, கெட்டியாக, தொட்டால் சில்லென்று இருந்தன. ஒட்டாத எதற்கும் இந்த மூன்று குணமும் சேர்ந்து இல்லை. அவள் பார்த்ததை வைத்து ஒரு விதி கட்டினாள். அந்த விதி தட்டில் இருந்த எட்டு சாமானுக்கும் சரியாகப் பொருந்தியது. விதி தப்பு, விடை எல்லாம் சரி! பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள். இந்தத் தப்பு வெளியில் தெரியவே தெரியாது. யாராவது ஒரு பித்தளை மணியைத் தூக்கிக் காட்டினால்தான் தெரியும்.

அதனால் இந்த வருஷம் டீச்சர் தட்டை மாற்றினார். சாமான்களைத் தனித்தனியாக எடுக்காமல் ஜோடி ஜோடியாக எடுத்தார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று ஒட்டும், மற்றது ஒட்டாது. இரும்புக் கம்பித் துண்டு, செப்புக் கம்பித் துண்டு. சோடா பாட்டில் மூடி, அலுமினிய மூடி. பழைய இரும்புச் சாவி, பித்தளைச் சாவி. ஒரு ரூபாய் நாணயம், மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம். இது எட்டு. பிறகு ஒரு பிளாஸ்டிக் ஷார்ப்னர், ஒரு கோலிகுண்டு. கடைசி ஜோடி ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர். இரண்டும் எவர்சில்வர்.

இதற்கு மேல் வைத்தால் ஆறு வயசுக்குத் தாங்காது. பன்னிரண்டு சாமானைப் பார்த்து முடிப்பதற்குள் கவனம் ஜன்னல் வழியாகப் போய்விடும்.

அடுத்தது காந்தம். அறைக்கு ஆறு குழு, குழுவுக்கு நான்கு பேர், குழுவுக்கு ஒரே ஒரு காந்தம். இரண்டு கொடுத்தால் அவ்வளவுதான், பிள்ளைகள் சாமானை விட்டுவிட்டு ஒரு காந்தத்தால் இன்னொன்றைத் துரத்த ஆரம்பித்துவிடுவார்கள். அது இன்னொரு நாளைக்கு உரிய பாடம். பள்ளியில் இருந்தவை நான்கு சட்டக் காந்தங்கள். மீதி இரண்டு குழுவுக்கு ரேடியோ ரிப்பேர் கடையில் கேட்டு, பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய வட்டக் காந்தங்களை வாங்கி வந்தார். கறுப்பாக, மோதிரம் மாதிரி நடுவில் ஓட்டையோடு இருக்கும். நல்ல சக்தி உண்டு, ஆனால் கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி சில்லு பெயரும். அதற்காக ஓரம் முழுக்க எலெக்ட்ரீஷியன் டேப் சுற்றிவிட்டார்.

கடைக்காரர் வேறொன்றும் எடுத்துக் கொடுத்தார். வெள்ளி நிறத்தில், பட்டன் அளவில், பயங்கர சக்தியுள்ள சின்னக் காந்தங்கள். நியோடிமியம் காந்தம் என்பது அதுதான். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் இருக்கிறது. ஒரு பிள்ளை இப்படி இரண்டை வேறு வேறு நேரத்தில் முழுங்கிவிட்டால், குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட குடல் சுவருக்கு ரத்தம் போகாமல் ஓட்டை விழும். ஆபரேஷன் வரைக்கும் போகும் சமாச்சாரம். பிள்ளைகள் கையில் கொடுக்கும் காந்தம் வாய்க்குள் போகாத அளவு இருக்க வேண்டும் என்பது இந்தப் பாடத்தின் முதல் விதி. இதே பயத்தில்தான் நாணயங்களையும் தனியாகக் கொடுக்காமல் ஒரு அட்டையில் வைத்து டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். டேப் வழியாகவும் காந்தம் வேலை செய்யும், அதனால் நஷ்டம் இல்லை.

முதல் நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானையும் சட்டக் காந்தத்தால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதைச் செய்யாமல் வகுப்புக்குப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். "சாவி ஒட்டாது" என்று எழுதிப் போட்டிருப்பார்கள், பித்தளை முலாம் பூசிய இரும்புச் சாவியாக இருக்கும், டப்பென்று ஒட்டும். பெயரைப் பார்த்தும் நிறத்தைப் பார்த்தும் முடிவு கட்டுகிற தப்பைப் பிள்ளைகள் மட்டுமா செய்கிறார்கள்?

டம்ளரைத் தொட்டபோது காந்தம் ஒட்டவில்லை. ஸ்பூனைத் தொட்டபோது ஒட்டியது. இரண்டும் ஒரே பாத்திரக் கடையில் வாங்கியவை. டம்ளரைத் தட்டில் வைப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். ஏனென்றால் அவர் வைத்திருந்த பயிற்சித் தாளில் டம்ளர் படம் போட்டு, அதை "ஒட்டும்" கட்டத்தோடு கோடு போட்டு இணைக்கச் சொல்லியிருந்தது. கடைசியில் டம்ளர் தட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்னொரு சிக்கல் வார்த்தையில் இருந்தது. "ஒட்டும்" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது கோந்து. ஈரக் கையில் பேப்பர் ஒட்டும், வேர்த்த காலில் பாய் ஒட்டும், சட்டையில் நாயுருவி ஒட்டும். போன வருஷம் ஒரு பையன் காந்தத்தை நக்கிவிட்டு அதில் பேப்பரை ஒட்டவைத்துக் காட்டினான். அவன் ஏமாற்றவில்லை, ஒட்டுமா என்றுதானே கேட்டார்கள்! புத்தகத்தில் "கவரும்" என்று இருக்கும், அது ஆறு வயசுக்குப் பழக்கமில்லாத சொல். அதனால் இந்த முறை டீச்சர் வேறு மாதிரி கேட்டார்.

"காந்தத்துக்கு எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது?"

நம் மொழியில் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை. காந்தம் கையால் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொள்ளும். எனக்கு மாம்பழம் பிடிக்கும் என்பது மாதிரியும் பிடிக்கும். பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காந்தத்துக்கு ரப்பர் பிடிக்காது டீச்சர், கத்தரிக்கா மாதிரி" என்று ஒருத்தி ஆரம்பித்து வைத்தாள். காந்தத்துக்கு ஆசை இருப்பதாக நினைத்துக்கொள்வார்களோ என்று ஒரு கவலை இருந்தாலும், கோந்து குழப்பத்துக்கு இது தேவலாம். கூடவே ஒரு பரிசோதனை முறையும் சொல்லிக் கொடுத்தார். காந்தத்தைச் சாமான் மேல் வைத்து மெல்லத் தூக்கு. கூடவே வந்தால், அல்லது உன் கையை அது இழுக்கிற மாதிரி இருந்தால், பிடிக்கிறது. அழுத்தக் கூடாது, நக்கக் கூடாது.

தரையில் ஒவ்வொரு குழுவுக்கும் சாக்பீஸால் இரண்டு வட்டம். ஒன்றில் சிரிக்கிற முகம், ஒன்றில் உம்மென்ற முகம். எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் பழகாத பிள்ளைகளுக்கு முகம் போதும்.

காந்தத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் தட்டை மட்டும் கொடுத்தார். "முதல்ல நெனச்சு வைங்க. அப்புறம் காந்தம் தரேன்." இந்த ஒரு படியைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுவார்கள். காந்தத்தை முதலிலேயே கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு ஆச்சரியம் என்பதே வராது. ஒட்டியது, ஒட்டவில்லை, அவ்வளவுதான். தான் ஒன்றை நினைத்து, அது தப்பாகிப் போகும்போதுதான் "ஏன்?" என்ற கேள்வி வருகிறது. எதிர்பார்த்தபடியே ஆறு குழுவும் உலோகம் எல்லாவற்றையும் சிரிக்கிற முகத்தில் வைத்தார்கள். கோலிகுண்டும் ஷார்ப்னரும் உம்மென்ற முகத்தில்.

பிறகு காந்தம் போனது. வகுப்பு இரண்டுபட்டது!

முதல் சத்தம் ஷார்ப்னரால் வந்தது. "டீச்சர், பிளாஸ்டிக்கு பிடிக்குது!" நான்கு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. "எந்த எடத்துல பிடிக்குதுன்னு பாருங்க" என்று மட்டும் சொன்னார். காந்தத்தை ஷார்ப்னரைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார்கள். அடிப் பக்கம் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒன்றுமில்லை. பிளேடு இருக்கும் பக்கத்தில் டக்கென்று பிடித்தது. "உள்ள இருக்கற பிளேடுதான் டீச்சர்!" ஒரு சாமான் என்பது ஒரே பொருளால் ஆனதாக இருக்க வேண்டியதில்லை என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சாமானைக் கேட்காதே, எந்த இடம் என்று கேள். இந்தப் பழக்கம் கொஞ்ச நேரத்தில் டம்ளர் விஷயத்தில் கைகொடுக்கப் போகிறது.

நாணய அட்டையில் ஒரு ரூபாய் பிடித்தது, மஞ்சள் ஐந்து ரூபாய் பிடிக்கவில்லை. "அஞ்சு ரூவாதானே பெருசு" என்று ஒரு பையனுக்கு வருத்தம். ஒரு ரூபாய் நாணயம் 1992 முதல் ஸ்டீலில் அடிக்கப்படுகிறது. அதில் 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். மஞ்சள் ஐந்து ரூபாயில் பெரும்பகுதி செம்பு. மதிப்பு வேறு, காந்தம் பார்க்கும் கணக்கு வேறு.

பித்தளைச் சாவி வந்தபோது மூன்றாவது குழுவில் ஒரு பையன் ரொம்ப சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். மற்ற மூன்று பேரும் சிரிக்கிற முகத்தில் வைத்ததை இவன் மட்டும் முதலிலேயே எடுத்து உம்மென்ற முகத்தில் வைத்து, அவர்கள் திரும்ப மாற்றி வைத்து, ஒரு சின்னச் சண்டையே நடந்திருந்தது. காந்தம் சாவியைக் கண்டுகொள்ளாமல் போனதும் அவன் சொன்னான்: "எங்க தாத்தா பித்தளையான்னு பாக்கறதுக்கு காந்தம்தான் வெப்பாரு."

தாத்தா பழைய இரும்பு வியாபாரி. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் பேர் போன ஊர், சுற்றுவட்டாரத்தில் பித்தளைத் துண்டுக்கு எப்போதும் விலை உண்டு. எடைக்கு வாங்கும்போது மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை என்று நம்பிவிட்டால் நஷ்டம்தான். மேலே முலாம், உள்ளே இரும்பு. பித்தளை விலை கொடுத்து இரும்பை வாங்கியதாகிவிடும். அதனால் காயலான் கடைக்காரர்கள் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். பிடித்தால் இரும்பு விலை, பிடிக்காவிட்டால் அடுத்த சோதனை. ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் செய்கிற அதே இரண்டு குவியலைத்தான் அங்கே காசுக்குச் செய்கிறார்கள்.

இந்த இடம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி ஜோடியில் ஸ்பூன் பிடித்தது. டம்ளரில்தான் தகராறு.

சட்டக் காந்தம் வைத்திருந்த நான்கு குழுவும் "பிடிக்கலை" என்றார்கள். ஸ்பீக்கர் காந்தம் வைத்திருந்த இரண்டு குழுவும் "கொஞ்சம் பிடிக்குது" என்றார்கள். நான்கு குழுவுக்கும் அது பொய்யாகப் பட்டது. இதற்கு நடுவில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் மேஜை மேல் இருந்த பயிற்சித் தாளைப் பார்த்துவிட்டான். டம்ளரை எடுத்து சத்தமில்லாமல் சிரிக்கிற முகத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவன் கையில் இருந்தது சட்டக் காந்தம். இரண்டு தடவை வைத்துப் பார்த்தான், இரண்டு தடவையும் பிடிக்கவில்லை, டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏண்டா கண்ணு, பிடிச்சுதா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் ஏன் இங்க வெச்ச?"

"அதுல அப்படித்தான் போட்டிருக்கு."

டீச்சருக்கு வயிற்றைக் கலக்கியது என்றே சொல்லலாம். இரண்டு தடவை தன் கையால் செய்து பார்த்ததை, ஒரு தாளில் இருந்த கோட்டுக்காக விட்டுக்கொடுத்துவிட்டான். பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வருஷம் கூட முழுசாக முடியாத பையன். இந்த நேரத்தில் "ஸ்டீல்னா இரும்புதானே, பிடிக்கும், நல்லா வெச்சுப் பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். தாள் ஜெயித்திருக்கும். அவன் கை தோற்றிருக்கும். அதற்குப் பிறகு அவனிடம் எத்தனை காந்தம் கொடுத்தாலும் அவன் கண் தாளைத்தான் தேடும்.

உண்மையில் டம்ளரில் என்னதான் இருக்கிறது? நாம் எவர்சில்வர் என்று சொல்வது ஒரே உலோகம் இல்லை, ஒரு பெரிய குடும்பம். எல்லாவற்றிலும் அதிகமாக இருப்பது இரும்புதான். துருப் பிடிக்காமல் இருக்கக் குரோமியம் சேர்ப்பார்கள். ஒரு ரூபாய் நாணயம் மாதிரி இரும்பும் குரோமியமும் மட்டும் சேர்ந்தால் அதைக் காந்தம் பிடிக்கும். நிறைய ஸ்பூன்கள் இந்த வகை. நல்ல பாத்திரங்களுக்கு இதோடு நிக்கலும் சேர்ப்பார்கள். 304 என்று முத்திரை குத்தி விற்கும் ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மீதியில் பெரும்பகுதி, அதாவது நூற்றுக்கு எழுபது பங்கு, இரும்பே. ஆனாலும் காந்தம் அதைச் சட்டை செய்வதில்லை!

காரணம் இரும்பு குறைந்துபோனது அல்ல, இரும்பு அணுக்கள் நிற்கும் வரிசை மாறிப்போனது. காலையில் பிரேயருக்குப் பிள்ளைகள் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரண இரும்பில் அவை நிற்கும் அமைப்பில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து இவனும் அதே பக்கம் திரும்பிக்கொள்வான். வெளியில் இருந்து ஒரு காந்தம் வந்தால் மொத்தக் கூட்டமும் அதன் பக்கம் திரும்பும், அதனால் இழுபடும். நிக்கல் சேர்ந்ததும் அணுக்கள் வேறொரு அமைப்பில் அடுக்கப்படுகின்றன. அந்த அமைப்பில் அவை ஒரே பக்கம் திரும்பி நிற்பதில்லை. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், வரிசைதான் வேறு.

அப்படியானால் ஸ்பீக்கர் காந்தக் குழுக்கள் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, இழுத்துத்தான் டம்ளர் செய்கிறார்கள். அப்படி இழுபடும்போது சில ரக எவர்சில்வரில், அதிகமாக இழுபட்ட இடத்தில் மட்டும், அணுக்களில் கொஞ்சம் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். டம்ளரின் அடிப் பக்கம் அதிகம் இழுபடுவதில்லை. மேல் ஓரம்தான் ரொம்ப இழுபடும், கடைசியில் மடிக்கவும் படும். அதனால் அடியில் பிடிக்காத காந்தம் விளிம்பில் லேசாகப் பிடிக்கும். சட்டக் காந்தத்துக்கு அந்த லேசான இழுப்பு கையில் தெரியாது. ஸ்பீக்கர் காந்தத்துக்குத் தெரியும். ஆக இரண்டு கட்சியும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

இதில் எதையும் ஆறு வயசுப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. டீச்சர் செய்தது வேறு. தாளை எடுத்து மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "தாள்ல போட்டவங்க நம்ம டம்ளரைப் பாத்தாங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றது வகுப்பு. "அப்ப நாமதான் பாக்கணும்."

ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஸ்பீக்கர் காந்தத்தின் ஓட்டையில் நூலைக் கோத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். அது ஆடி அடங்கும் வரை எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். தாளைப் பார்த்த அதே பையனைக் கூப்பிட்டு, டம்ளரின் அடிப் பக்கத்தைக் காந்தத்துக்குப் பக்கத்தில், தொடாமல், கொண்டுபோகச் சொன்னார். காந்தம் அசையவில்லை. இப்போது டம்ளரைத் திருப்பி விளிம்பைக் கொண்டுபோகச் சொன்னார். காந்தம் மெதுவாக, சந்தேகப்படுகிற மாதிரி, டம்ளர் பக்கம் சாய்ந்தது.

"வாய்கிட்ட மட்டும் பிடிக்குது டீச்சர்!" என்று கத்தியவன் அவனேதான்.

கையில் உணர முடியாத இழுப்பைக் கண்ணால் பார்க்க இந்தத் தொங்கும் காந்தம் நல்ல வழி. கையில் பிடித்திருக்கும்போது காந்தத்தின் எடை முழுவதும் நம் கைக்குத் தெரிகிறது, அதற்குள் சின்ன இழுப்பு காணாமல் போய்விடும். நூலில் தொங்கும்போது எடையை நூல் சுமந்துகொள்கிறது, பக்கவாட்டில் ஒரு சின்ன இழுப்பு வந்தாலும் சாய்ந்துவிடும். காற்று மட்டும் அடிக்கக் கூடாது.

பிறகு டீச்சர் தரையில் மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டார். அதில் என்ன முகம் வரைவது என்று பிள்ளைகளைக் கேட்டார். வாயைக் கோணலாக வைத்து யோசிக்கிற மாதிரி ஒரு முகத்தை ஒரு பெண் வந்து வரைந்தாள். டம்ளர் அங்கே போனது. கொஞ்ச நேரத்தில் ஷார்ப்னரையும் தூக்கி அங்கேயே வைத்தார்கள். கொஞ்சம் பிடிக்கும், கொஞ்சம் பிடிக்காது.

மூன்றாவது வட்டம் போட்டால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று சில பேர் சொல்லக்கூடும். அதில் நியாயமும் இருக்கிறது. எல்லாச் சாமானையும் தூக்கி அங்கே போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடலாம். அதற்கு டீச்சர் ஒரு நிபந்தனை வைத்தார். அங்கே வைக்கிறவர் எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பழைய வட்டத்துக்கே போக வேண்டும். ஒருத்தன் கோலிகுண்டை அங்கே வைத்துப் பார்த்தான். "எந்த எடம்?" என்று அவன் குழுவே கேட்டது. சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டான்.

எழுதி வைத்ததா, கையால் பார்த்ததா என்ற இந்தத் தகராறு காந்தத்துக்குப் புதிதும் இல்லை. பூண்டைத் தேய்த்தால் காந்தத்தின் சக்தி போய்விடும் என்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதி வைத்திருந்தார்கள். படித்தவர்கள் எல்லாம் நம்பினார்கள். 1600-ல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் காந்தத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதியபோது, அந்தக் கதை வெறும் கதைதான் என்று சொல்லி ஒதுக்கினார். ஒரு பல் பூண்டும் ஒரு காந்தமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடக்கூடிய விஷயம். அதற்கு ஏன் அத்தனை காலம் ஆனது? அதில் அப்படித்தான் போட்டிருந்தது, அதனால்தான்.

பள்ளி விடுவதற்கு முன் காந்தங்களைத் திரும்ப வாங்கி வைப்பதும் ஒரு வேலை. சட்டக் காந்தங்களை ஜோடி ஜோடியாக, ஒன்றின் வடமுனை மற்றதன் தென்முனைப் பக்கம் வரும்படி படுக்க வைத்து, இரண்டு முனையிலும் தேனிரும்புத் துண்டை ஒட்டி டப்பாவில் வைக்க வேண்டும். அப்படியே குவியலாகப் போட்டாலோ கீழே போட்டுப் போட்டு எடுத்தாலோ சக்தி குறைந்துபோகும். அடுத்த வருஷம் ஆணியைக் கூடத் தூக்காது. அப்போது "ஆணியைக் காந்தத்துக்குப் பிடிக்காது" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதுவும் பார்த்ததை எழுதியதாகத்தான் இருக்கும்!

மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது டீச்சர் போன வருஷம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். மேஜை மேல் இருந்த பித்தளை மணியைத் தூக்கிக் காட்டி, "இதைப் பிடிக்குமா?"

இந்தத் தடவை ஒரே குரல் வரவில்லை. சில பேர் பிடிக்கும் என்றார்கள், சில பேர் பிடிக்காது என்றார்கள். பின் வரிசையில் ஒருத்தி எழுந்து வந்து காந்தத்தைக் கேட்டுக் கை நீட்டினாள். பழைய இரும்பு வியாபாரியின் பேரன் மட்டும் இடத்தை விட்டு எழவில்லை.

"மணிய பிடிக்காது டீச்சர். உள்ள தொங்குதுல்ல நாக்கு, அத பிடிக்கும்."

வைத்துப் பார்த்தார்கள். அவன் சொன்னது சரி.

வீட்டில் ஒரு காந்தம் இருந்தால், பழைய ஸ்பீக்கரில் இருந்தாவது எடுக்க முடிந்தால், சமையலறைக்குப் போய் நாலு டம்ளரை எடுத்து அடியிலும் விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். நாலும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் அதுவே ஆச்சரியம்தான்.